எல்லை எழுதப்பட்ட கடிதத்தில் கையெழுத்திடுவோம்
கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

மாணவர்களுக்கு வீடும் அறையும் வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், அவர்களுக்காகப் பத்திரம் தயாரிக்கும் முகவர்களுக்கும், எங்கள் பிள்ளைகள் படிக்கும் பல்கலைக்கழகங்களுக்கும், வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சுக்கும், நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

நாங்கள் யார்

ஹாபு, ரிங்லெட், சுங்கை பாலாஸ் வட்டாரங்களின் தேயிலைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் பெற்றோர் நாங்கள். இந்த மலையில் போ தோட்டம் 1929இல் தொடங்கியது. கேமரன் வேலி 1933இல் வந்தது. அன்று காடு வெட்டி, சரிவில் செடி நட்டு, கொழுந்து கிள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் எங்களில் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, இடைநிலைப்பள்ளி முடித்து, மேற்படிப்புக்காக மலையிறங்குகிறார்கள். தாப்பா வழியாக இறங்கினால் அருகிலுள்ள பெரிய படிப்பூர்களில் ஒன்று கம்பார். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007இல் அங்கே வளாகம் திறந்த பிறகு, அதைச் சுற்றியுள்ள வீடமைப்புப் பகுதிகளில் மாணவர்களுக்கு வாடகைக்கு விடுவதே ஒரு தொழிலாக வளர்ந்துவிட்டது. இன்னும் சிலர் தஞ்சோங் மாலிமுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போகிறார்கள்.

பிள்ளைக்குச் சம்பளம் இல்லை. அதனால் வீட்டுக்காரர் பெற்றோரிடம் உத்தரவாதக் கடிதம் கேட்கிறார். கேட்பது நியாயம். வருமானமே இல்லாத பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளிடம் ஒரு முழு வீட்டை ஒப்படைக்கிறவருக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானமாக நிற்க நாங்கள் தயார். ஆனால் இன்று எங்களிடம் நீட்டப்படும் கடிதத்தில் தொகை இல்லை, முடிவு தேதி இல்லை, எந்தப் பிள்ளையின் கடனுக்கு யார் பொறுப்பு என்பதும் இல்லை. இந்த மூன்றையும் எழுதச் சொல்வதே இந்தச் சாசனத்தின் மையம்.

கடிதம் எங்களிடம் வந்து சேரும் விதம்

வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பிய மாலையில் பிள்ளை கைப்பேசியில் ஒரு கோப்பை அனுப்புகிறான். இரண்டு பக்கம், ஆங்கிலம். “அப்பா, இன்னிக்கு ராத்திரிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பணும், இல்லன்னா ரூம் வேற ஆளுக்குப் போயிடும்” என்கிறான். தானா ராத்தாவுக்குப் போய் அச்செடுக்க நேரமில்லை. பக்கத்து வீட்டில் யாராவது அச்செடுத்துக் கொடுக்கிறார்கள். அடையாள அட்டையின் நகல், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். கணக்கறிக்கை எல்லாம் படம் பிடித்துப் போகின்றன. ஒப்பந்தம் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. நாங்கள் உத்தரவாதம் தரும் வாடகை எவ்வளவு, அந்த வீட்டில் எத்தனை பேர் என்பதைப் பிள்ளையின் வாய்மொழியாக மட்டுமே அறிகிறோம்.

படிக்காமல் போட்ட கையெழுத்தும் கையெழுத்துதான். வீட்டுக்காரர் பொய் சொல்லியோ, முக்கியமான விஷயத்தை மறைத்தோ வாங்கிய உத்தரவாதம் செல்லாது என்று 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 95, 96ஆம் பிரிவுகள் சொல்கின்றன. ஆனால் அதை நிரூபிக்கும் சுமை எங்கள் தலையில்தான் விழும். மொழி புரியவில்லை என்பது மட்டும் எங்களைக் காப்பாற்றாது.

அந்தக் கடிதம் உண்மையில் என்ன சொல்கிறது

ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவு அடிப்படை விதியைச் சொல்கிறது: கடன்பட்டவரின் பொறுப்பு எவ்வளவோ, உத்தரவாதம் கொடுத்தவரின் பொறுப்பும் அவ்வளவு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதினால்தான் அது குறையும். ஆகவே எல்லை எழுதாத கடிதம் முழுப் பொறுப்பைச் சுமத்துகிறது. வீட்டுக்காரர் முதலில் மாணவனிடம் கேட்க வேண்டும், முன்பணத்தைக் கழிக்க வேண்டும், பிறகே எங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயமும் கடிதத்தில் இருந்தால்தான் உண்டு. எழுதாவிட்டால் அவர் நேராக எங்கள் வாசலுக்கு வரலாம்.

சட்டம் எங்களுக்குச் சில பாதுகாப்புகளையும் தந்திருக்கிறது. எங்கள் சம்மதமில்லாமல் வாடகையை உயர்த்தினாலோ ஒப்பந்த விதிகளை மாற்றினாலோ, அந்த மாற்றத்துக்குப் பிறகான பொறுப்பிலிருந்து 86ஆம் பிரிவு எங்களை விடுவிக்கிறது. எங்களைக் கேட்காமல் மாணவனோடு சமரசம் பேசி அவனுக்குத் தவணை கொடுத்தால் 88ஆம் பிரிவு விடுவிக்கிறது. ஆனால் புழக்கத்தில் உள்ள பல படிவங்களில், எந்த மாற்றமும் எந்தச் சலுகையும் உத்தரவாதம் கொடுத்தவரை விடுவிக்காது என்று ஒரே வாக்கியம் இருக்கும். அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு பாதுகாப்புகளும் போய்விடுகின்றன.

இன்னும் மூன்று வாக்கியங்களைக் கடிதத்தில் தேடிப் பார்க்கச் சொல்கிறோம். உத்தரவாதம் கொடுப்பவர் தாமே முதன்மைக் கடனாளி போலப் பொறுப்பேற்கிறார் என்பது ஒன்று. ஒப்பந்தத்துக்கும் அதன் எல்லாப் புதுப்பிப்புகளுக்கும் இந்த உத்தரவாதம் பொருந்தும் என்பது இரண்டு. முதலாண்டு போட்ட கையெழுத்து மூன்றாம் ஆண்டுவரை இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். வீட்டுக்காரர் எழுதித் தரும் கணக்கே இறுதிச் சான்று என்பது மூன்று. இதை ஒப்புக்கொண்டால், உடைந்த கதவுக்கு அவர் போடும் விலையைக் கேள்வி கேட்கும் வாய்ப்பும் சுருங்கிவிடும்.

ஒரு கணக்கு

எங்கள் கோரிக்கை எவ்வளவு பெரிய வித்தியாசத்தைச் செய்யும் என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறோம்.

கம்பாரில் ஒரு வீடு. மாத வாடகை 1,200 ரிங்கிட். நான்கு மாணவர்கள் ஓராண்டுக்கு ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். ஆளுக்கு 300. முன்பணம் இரண்டு மாத வாடகை 2,400, தண்ணீர், மின்சாரத்துக்கு அரை மாத வாடகை 600, ஆக 3,000. நான்கு பெற்றோரும் உத்தரவாதக் கடிதம் கொடுக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து ஒருவன் படிப்பை நிறுத்துகிறான், இன்னொருவன் வேறு வளாகத்துக்கு மாறுகிறான். மீதி இருவரும் தங்கள் 300 ரிங்கிட்டைத் தவறாமல் கட்டுகிறார்கள். வீட்டுக்காரர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆண்டு முடிந்ததும் பாக்கி வாடகை 3,600, மின்சாரம் தண்ணீர் 400, பழுதுச் செலவு 1,000, மொத்தம் 5,000 ரிங்கிட் என்று கணக்கு வருகிறது.

ஒப்பந்தத்தில் நால்வரும் “இணைந்தும் தனித்தும்” பொறுப்பு என்று எழுதியிருந்தால், முன்பணத்தைக் கழிக்காமலே முழு 5,000 ரிங்கிட்டையும் ஒருவரிடமே கேட்கலாம். யாரிடம் கேட்பார்? சம்பளச் சீட்டு தெளிவாக இருக்கிறவரிடம், முகவரி மாறாதவரிடம். தோட்ட வீட்டில் இருக்கிறவர் எங்கே போய்விடப்போகிறார்? 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளக்காரர் ஒருவருக்கு 5,000 என்பது மூன்று மாத உழைப்புக்குச் சற்றே குறைவு. அதுவும் வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிடாத பிள்ளையின் பெற்றோர். பணத்தைக் கட்டிவிட்டு மற்றப் பெற்றோரிடம் அவரவர் பங்கைக் கேட்கச் சட்டம் வழி விடுகிறது. ஆனால் அந்த அலைச்சலும் செலவும் கட்டியவருடையது. 5,000 ரிங்கிட்டுக்கு மிகாத கோரிக்கையை வழக்கறிஞர் வைக்காமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் தொடரலாம் என்பதால், வீட்டுக்காரருக்கு வழி எளிது.

இப்போது இதே வீட்டுக்கு எல்லை எழுதிய கடிதம் இருந்தால்? ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையின் பங்குக்கு மட்டும் பொறுப்பு. முன்பணம் முதலில் கழியும். அதிகபட்சம் மூன்று மாதப் பங்கு, அதாவது 900 ரிங்கிட். தங்கியிருந்த பிள்ளையின் கணக்கில் வாடகைப் பாக்கி இல்லை. மின்சாரம் தண்ணீரில் 100, பழுதில் 250, ஆக 350. முன்பணத்தில் அவன் பங்கு 750. அவனுக்கு 400 ரிங்கிட் திரும்ப வர வேண்டும். அவன் பெற்றோர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. போய்விட்ட இருவரில் ஒவ்வொருவரும் வாடகை 1,800, மற்றவை 350, ஆக 2,150 கொடுக்க வேண்டும். முன்பணம் 750 கழிந்தால் மீதி 1,400. அவர்களுடைய பெற்றோர் ஆளுக்கு 900 கட்டுவார்கள். மிச்சம் 500ஐ வீட்டுக்காரர் அந்த மாணவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும்.

அந்த இரண்டு 500 ரிங்கிட்டும் வீட்டுக்காரருக்கு வராமலே போகலாம் என்பதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் முதல் மாதப் பாக்கியிலேயே அவர் எங்களிடம் சொல்லியிருந்தால், கணக்கு ஆறு மாதத்துக்கு ஓடியிருக்காது. காலியான இடத்துக்கு வேறு மாணவர்களைத் தேடியிருக்கலாம். மூன்று மாத வரம்பு அந்த அவகாசத்தை எண்ணித்தான் வைக்கப்பட்டது.

நாங்கள் ஏற்கும் பொறுப்புகள்

எதைக் கேட்கிறோம் என்பதற்கு முன் எதைத் தருகிறோம் என்று சொல்கிறோம்.

எங்கள் பிள்ளையின் பங்கு வாடகை தவறினால், எழுத்து அறிவிப்பு கிடைத்த பதினான்கு நாளுக்குள் கட்டுவோம், அல்லது அதே பதினான்கு நாளுக்குள் எப்போது கட்டுவோம் என்று தேதி எழுதித் தருவோம். எங்கள் பிள்ளை செய்த சேதத்துக்கு, முன்பணம் போதாவிட்டால், ரசீது காட்டும் தொகையை வரம்புக்குள் கட்டுவோம். பிள்ளை படிப்பை நிறுத்தினாலோ வேறு இடம் போக முடிவு செய்தாலோ, எங்களுக்குத் தெரிந்தவுடன் வீட்டுக்காரருக்குச் சொல்வோம். எங்கள் தொலைபேசி எண்ணோ முகவரியோ மாறினால் தெரிவிப்போம். வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது தோட்ட வீட்டை விட வேண்டி வருகிறவர்கள் எங்களில் பலர்; அப்போது புது முகவரியைத் தேடித் திரியும் நிலையில் வீட்டுக்காரரை விட்டுப் போக மாட்டோம். ஒப்பந்தம் முடிந்த நாளில் பிள்ளை சாவியைக் கொடுப்பதை உறுதி செய்வோம். காலம் முடிந்தும் வீட்டை விடாமல் இருப்பவரிடம் இரட்டை வாடகை கேட்க 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்போம்.

எங்கள் கோரிக்கைகள்

1. கடிதத்தில் தொகை இருக்கட்டும். ஒரு மாணவரின் வாடகைப் பங்கில் மூன்று மாதத்துக்கு மேல் போகாத ஓர் எண்ணை, எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். வாடகை, மின்சாரம், சேதம், அபராதம் எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரம்பு இல்லாவிட்டால், வாடகைக்கு மட்டும் வரம்பு வைத்து மற்றதைத் திறந்துவிடும் கடிதங்கள் வரும்.

2. பொறுப்பு பங்கோடு நிற்கட்டும். ஒரே ஒப்பந்தத்தில் நால்வர் இருந்தாலும், அறைக்கு ஒரு ஒப்பந்தம் இருந்தாலும், பெற்றோர் தம் பிள்ளைக்கு மட்டுமே பொறுப்பு என்று கடிதத்திலேயே எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் “இணைந்தும் தனித்தும்” என்று இருந்தாலும் கடிதம் அதற்கு மேலாகச் செல்லும் என்பதையும் சேர்க்க வேண்டும். எஸ்.பி.எம். முடித்து அடித்தளப் படிப்புக்குப் போகும் பிள்ளைகளில் பதினெட்டு வயது நிறையாதவர்களும் உண்டு. வயது நிறையாதவரோடு செய்த ஒப்பந்தம் சட்டத்தில் நிற்காது என்பதால் பெற்றோரே வாடகைக்காரராகக் கையெழுத்திட வேண்டி வரும். அப்படியானால் அதை உத்தரவாதம் என்று பெயர் மாற்றிச் சொல்லாமல், வாடகை ஒப்பந்தம் என்றே எங்களிடம் சொல்ல வேண்டும்.

3. முடிவு தேதி இருக்கட்டும். முதல் ஒப்பந்தம் முடியும் நாளோடு, அல்லது சாவி ஒப்படைத்த நாளோடு, எது முந்தியதோ அதோடு உத்தரவாதம் முடிய வேண்டும். தொடர் உத்தரவாதத்தை வருங்காலக் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் ரத்து செய்ய 83ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஓராண்டு ஒப்பந்தத்துக்குக் கொடுத்த உத்தரவாதத்தை நடுவழியில் திரும்பப் பெறலாம் என்று யாரும் நம்பி இருக்கக் கூடாது. அதனால்தான் முடிவு தேதியைத் தொடக்கத்திலேயே கேட்கிறோம். புதுப்பித்தால் புதுக் கடிதம்.

4. பாக்கி விழுந்தால் சொல்லுங்கள். வாடகை தவறினால் பதினான்கு நாளுக்குள் எங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். கைப்பேசிச் செய்தியும் போதும். வீட்டுக்காரர் சும்மா இருந்தார் என்ற காரணம் மட்டும் எங்களை விடுவிக்காது என்று 90ஆம் பிரிவு சொல்வதால், சட்டம் எங்களுக்கு இந்த அறிவிப்பைத் தானாக வாங்கித் தராது. கடிதம்தான் தர வேண்டும். அறிவிக்காத மாதங்களின் பாக்கியை எங்களிடம் கேட்கக் கூடாது.

5. முன்பணம் முதலில் கழியட்டும். குடிபுகும் நாளில் ஒவ்வொரு அறையின் சுவர், கதவு, குழாய், மின்விசிறி, மெத்தை, மின்சார மீட்டர் எண் எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதியோடு இரு தரப்பும் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியேறும் நாளில் மறுபடி படம். புழங்கித் தேய்ந்ததற்கும் உடைத்ததற்கும் வித்தியாசம் அந்தப் படங்களில் தெரியும். சுவர் மங்கியதற்கும் பழைய மின்விசிறி நின்றுபோனதற்கும் மாணவரிடம் பணம் பிடிக்கக் கூடாது. முன்பணத்திலிருந்து பிடித்த தொகைக்கு ரசீது தந்து, மிச்சத்தை முப்பது நாளுக்குள் திருப்ப வேண்டும்.

6. ஒப்பந்தத்தின் முத்திரையிட்ட நகல் எங்கள் கைக்கு வரட்டும். கையெழுத்தான முப்பது நாளுக்குள் ஒப்பந்தத்துக்கு உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கட்டாத பத்திரம் நீதிமன்றத்தில் சான்றாகாது. அது வீட்டுக்காரருக்கும் நட்டம். ஒப்பந்தத்தைக் காட்டாமல் வாங்கும் கடிதத்தில் நாங்கள் கையெழுத்திட மாட்டோம். கடிதத்தைத் தமிழிலோ மலாயிலோ படித்துப் பார்க்க மூன்று நாள் வேண்டும். சம்பளச் சீட்டும் இ.பி.எஃப். அறிக்கையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் அழிக்கப்பட வேண்டும்; அடையாள அட்டை நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று எழுத அனுமதிக்க வேண்டும்.

7. பல்கலைக்கழகங்கள் ஒதுங்கி நிற்க வேண்டாம். மாணவர் நலப் பிரிவு ஒரு பொதுக் கடிதப் படிவத்தை வெளியிட்டு, அதை ஏற்கும் வீடுகளை மட்டும் தன் வாடகைப் பட்டியலில் சேர்க்கலாம். லண்டனின் யூ.சி.எல். பல்கலைக்கழகம் தகுதியுள்ள தன் மாணவர்களுக்குத் தானே வாடகை உத்தரவாதம் தரும் திட்டம் நடத்துகிறது. பிரான்சில் விசாலே என்ற திட்டம் 2016 முதல் இளையோருக்கு இலவசமாகவே உத்தரவாதம் தருகிறது. பெற்றோரின் சம்பளச் சீட்டு தேவைப்படுவதில்லை. அப்படியொரு உத்தரவாத நிதியை, குறைந்த வருமானக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இங்கும் தொடங்க வேண்டும். இந்தியர் சமூக மேம்பாட்டுக்கான மித்ரா பிரிவு அதற்கு முதல் பங்கு போடலாம் என்று கேட்கிறோம்.

8. சட்டம் இந்த இடைவெளியை அடைக்கட்டும். 2017இல் திருத்தப்பட்ட நொடிப்புச் சட்டம், சமூக உத்தரவாதி என்ற வகையைச் சேர்ந்தவர்கள்மீது திவால் நடவடிக்கை எடுப்பதைத் தடுக்கிறது. லாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்கோ உபகாரச் சம்பளத்துக்கோ கையெழுத்திட்டவர், சொந்த வாகனத் தவணைக்கும் குடியிருப்பு வீட்டுக் கடனுக்கும் கையெழுத்திட்டவர் அதில் வருகிறார்கள். அதே பிள்ளை அதே படிப்புக்காகத் தங்கும் அறைக்குக் கையெழுத்திட்ட பெற்றோர் அந்தப் பட்டியலில் இல்லை. ஓர் அறை வாடகைப் பாக்கி திவால் நடவடிக்கைக்கான 100,000 ரிங்கிட் வரம்பை எட்டாது என்பது உண்மைதான். ஆனாலும் படிப்புக்கான உத்தரவாதம் தனி வகை என்று சட்டம் ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டது. தங்குமிடத்தையும் அதில் சேர்க்க வேண்டும். வீடமைப்பு அமைச்சு நெடுநாளாகப் பேசிவரும் குடியிருப்பு வாடகைச் சட்டத்தில், உத்தரவாதத்துக்கென்று ஒரு பகுதி இருக்க வேண்டும். மேலே சொன்ன தொகை, பங்கு, காலம், அறிவிப்பு நான்கையும் அது கட்டாயமாக்க வேண்டும்.

நாங்கள் கையெழுத்திடும் கடிதம்

கோரிக்கையோடு நிறுத்தாமல் வாசகத்தையும் தருகிறோம். சட்டப் புழக்கத்துக்கு மலாய் அல்லது ஆங்கிலப் படியும், எங்கள் புரிதலுக்குத் தமிழ்ப் படியும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

*தேதி: ______*
*வீட்டு உரிமையாளர்: ______*
*மாணவர்: ______ (உத்தரவாதம் தருபவருக்கு இவர் மகன் / மகள்)*
*வீட்டின் முகவரி, அறை: ______*
*ஒப்பந்தக் காலம்: ______ முதல் ______ வரை*
*வீட்டின் மாத வாடகை: ______ ரிங்கிட். இதில் மேற்கண்ட மாணவரின் பங்கு: ______ ரிங்கிட்*

*அ. மேற்கண்ட ஒப்பந்தத்தின் முழு நகலைப் பெற்றுப் படித்த பின் இந்த உத்தரவாதத்தைத் தருகிறேன்.*

*ஆ. மேற்கண்ட மாணவர் தம் பங்கு வாடகையையோ, தம் பங்கு மின்சார, தண்ணீர்க் கட்டணத்தையோ, தாம் செய்த சேதத்துக்கான ரசீதுள்ள செலவையோ கட்டத் தவறினால் நான் கட்டுவேன். உடன் தங்கும் மற்றவர்களின் கடனுக்கு நான் பொறுப்பில்லை. ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தாலும் இதுவே செல்லும்.*

*இ. எல்லாம் சேர்த்து என் பொறுப்பு ______ ரிங்கிட்டுக்கு (எழுத்தால்: ______) மிகாது.*

*ஈ. உரிமையாளர் முதலில் மாணவரின் முன்பணப் பங்கைக் கழித்து, அதன் கணக்கை எனக்குத் தர வேண்டும்.*

*உ. பாக்கி விழுந்த பதினான்கு நாளுக்குள் எனக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிப்புக் கிடைத்த பதினான்கு நாளுக்குள் நான் கட்டுவேன் அல்லது கட்டும் தேதியை எழுதித் தருவேன். அறிவிக்காத மாதத்தின் பாக்கி இந்த உத்தரவாதத்தில் அடங்காது.*

*ஊ. என் எழுத்துச் சம்மதம் இல்லாமல் வாடகையோ, காலமோ, முக்கிய விதியோ மாறினால், அந்த நாளிலிருந்து இந்த உத்தரவாதம் முடியும்.*

*எ. ஒப்பந்தக் காலம் முடியும் நாள், அல்லது சாவி ஒப்படைத்து ரசீது பெற்ற நாள், எது முந்தியதோ அன்று இது முடியும். அதற்கு முன் சேர்ந்த பாக்கியை அறுபது நாளுக்குள் என்னிடம் கோர வேண்டும். புதுப்பித்த ஒப்பந்தத்துக்கு இது பொருந்தாது.*

*உத்தரவாதம் தருபவர் / உரிமையாளர் / சாட்சி: பெயர், கையெழுத்து*

உரிமையாளரும் இதில் கையெழுத்திட வேண்டும். அவருடைய கையெழுத்து இல்லாவிட்டால் ஈ, உ இரண்டும் எங்கள் ஆசையாகவே நின்றுவிடும். கைகள் இரண்டும் பட்ட தாளில்தான் கடமைகள் இரண்டும் நிற்கும்.

எங்கள் முடிவு

அடுத்த சேர்க்கையிலிருந்து எங்கள் பிள்ளைகளின் வாடகைக்கு இந்த வாசகத்தில் மட்டும் கையெழுத்திடுவோம். சொல் மாறலாம், தொகை, பங்கு, காலம், அறிவிப்பு என்ற நான்கும் மாறக் கூடாது. இவற்றில் ஒன்று இல்லாத கடிதம் வந்தால், கையெழுத்திடும் முன் சட்ட உதவித் துறையிலோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலோ காட்டிக் கேட்போம். ஏற்கெனவே எல்லையில்லாத கடிதம் கொடுத்துவிட்டவர்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதற்கு முன்பே, பழைய உத்தரவாதம் புதுக் காலத்துக்குச் செல்லாது என்று வீட்டுக்காரருக்கு எழுதித் தெரிவிப்பார்கள். அந்தக் கடிதத்தின் நகலையும் அனுப்பிய சான்றையும் பத்திரப்படுத்துவார்கள்.

இந்தச் சாசனத்தை ஒவ்வொரு தோட்டத்திலும் மாதக் கூட்டத்தில் வாசிக்கக் கேட்கிறோம். மலையிறங்கிப் படிக்கப் போகும் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் மேலே உள்ள வாசகத்தின் ஒரு படி இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கடிதம் அனுப்பும் நாளில் அதை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பேனாவைத் தொடுங்கள்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டப் பெற்றோர்